சுகர் ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தா? மாத்திரைக்கு முன் தைராய்டு பக்கத்தையும் புரட்டுங்கள்

ஆபீஸில் வருடாந்திர ஹெல்த் செக்கப். இரண்டு நாள் கழித்து மொபைலுக்கு ரிப்போர்ட் வருகிறது. அதில் இரண்டாம் பக்கத்தில் ஹெச்பிஏ1சி 5.9 சதவீதம், பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 'ப்ரீ-டயாபடிஸ்'. அவ்வளவுதான், அந்த 31 வயதுப் பெண்ணின் அன்றைய தூக்கம் போச்சு. மறுநாளே சோறு கட், டீயில் சர்க்கரை கட். 'எங்க வீட்ல எல்லாருக்கும் சுகர் இருக்கு, எனக்கும் வந்துடுச்சு' என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு அறிவிப்பு.

இந்தப் பெண் ஒரு கற்பனை உதாரணம்தான். ஆனால் மருத்துவமனைகளின் ஓபி வரிசையில் இவரைப் போன்ற யாராவது ஒருவரை எளிதாகப் பார்த்துவிடலாம்.

அதே ரிப்போர்ட்டில் இன்னும் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, வெறும் வயிற்றில் எடுத்த சுகர் 92. முழுக்க நார்மல். இன்னொன்று, ஐந்தாம் பக்கத்தில் டிஎஸ்ஹெச் 24. பொதுவாக 4 அல்லது 4.5-க்குள் இருக்க வேண்டிய எண் இது. அதுவும் சிவப்பில்தான் இருந்தது. ஆனால் 'சுகர்' என்ற சொல் கொடுத்த பயத்தில் ஐந்தாம் பக்கம் வரை யாரும் போகவில்லை.

உண்மையில் இரண்டாம் பக்கத்தில் இருந்த சிவப்புக்குக் காரணமே ஐந்தாம் பக்கத்தில் இருந்திருக்கலாம். நம் ஊரில் டெஸ்ட்டுகளுக்குக் குறைவில்லை. சுகரும் தைராய்டும் ஒரே பேக்கேஜில் பார்க்கப்படுகின்றன. ஆனால் இரண்டையும் சேர்த்துப் படிப்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

ஹெச்பிஏ1சி அளப்பது சுகரை அல்ல

ஹெச்பிஏ1சி என்பது ரத்தத்தில் ஓடும் சர்க்கரையை நேரடியாக அளக்கும் டெஸ்ட் இல்லை. சிவப்பணுக்களுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் சர்க்கரை மெதுவாக ஒட்டிக்கொள்ளும். எத்தனை சதவீத ஹீமோகுளோபினில் அப்படி ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் இந்த டெஸ்ட் சொல்கிறது. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அதனால்தான் இதை 'மூன்று மாத சராசரி' என்கிறார்கள்.

இது வசதியான டெஸ்ட். வெறும் வயிற்றோடு போக வேண்டாம், முந்தைய நாள் சாப்பிட்ட பிரியாணி காட்டிக்கொடுக்காது. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2010-லும், உலக சுகாதார நிறுவனம் 2011-லும் இதை நீரிழிவைக் கண்டறியும் டெஸ்ட்டாகவே ஏற்றுக்கொண்டன. 6.5 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் நீரிழிவு. 5.7 முதல் 6.4 வரை ப்ரீ-டயாபடிஸ் என்பது அமெரிக்கச் சங்கத்தின் கணக்கு.

ஆனால் இந்தக் கணக்கு மொத்தமும் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. அதாவது, உங்கள் சிவப்பணுக்கள் எல்லோருடையதையும் போல ஏறக்குறைய 120 நாள் வாழ்கின்றன என்ற நம்பிக்கை. ஒரு சுவரில் எவ்வளவு தூசி படிந்திருக்கிறது என்பதை வைத்துத் தெருவில் எவ்வளவு தூசி பறக்கிறது என்று கணிப்பது போல இது. சுவருக்கு வெள்ளையடித்து எத்தனை நாள் ஆயிற்று என்று தெரியாவிட்டால் கணிப்பு தப்பாகிவிடும்.

தைராய்டு இதில் எங்கே வருகிறது?

கழுத்தின் முன்பக்கம் இருக்கும் தைராய்டு சுரப்பி டி4, டி3 என்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது. உடம்பின் ஏறக்குறைய எல்லா வேலைகளின் வேகத்தையும் இவை தீர்மானிக்கின்றன. எலும்பு மஜ்ஜையில் புதிய சிவப்பணுக்கள் உருவாகும் வேகமும் அதில் அடக்கம். 'இன்னும் சுரக்கணும்' என்று மூளையடியில் உள்ள பிட்யூட்டரி அனுப்பும் உத்தரவுதான் டிஎஸ்ஹெச். தைராய்டு சோம்பினால் உத்தரவு சத்தமாகும், எண் ஏறும். தைராய்டு அதிகமாக வேலை செய்தால் உத்தரவு அடங்கிவிடும், எண் பூஜ்ஜியத்தை நோக்கி இறங்கும்.

தைராய்டு குறைவாகச் சுரக்கும்போது மஜ்ஜையும் மெதுவாகிறது. புதிய அணுக்கள் குறைவாக வருகின்றன. ரத்தத்தில் ஓடும் அணுக்களில் வயதானவை அதிகம். வயதான அணு என்றால் சர்க்கரையோடு அதிக நாள் இருந்த அணு. ஆக, சுகர் நார்மலாகவே இருந்தாலும் ஹெச்பிஏ1சி கொஞ்சம் தூக்கிக் காட்டும்.

தைராய்டு அதிகமாகச் சுரந்தால் நேர் எதிர். பழைய அணுக்கள் சீக்கிரம் கழிந்து புதியவை வேகமாக வரும். சர்க்கரை ஒட்ட நேரமே இல்லாத இளம் அணுக்கள் அவை. அதனால் ஹெச்பிஏ1சி இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும்.

அந்த 5.9-ஐ எப்படிச் சோதிப்பது?

உதாரணப் பெண்ணிடம் திரும்புவோம். ஹெச்பிஏ1சியைச் சராசரி சுகராக மாற்ற ஒரு சூத்திரம் உண்டு. 28.7-ஆல் பெருக்கி, 46.7-ஐக் கழிக்க வேண்டும். 5.9-க்கு இது சுமார் 123 மி.கி. வருகிறது. அதாவது, மூன்று மாதமாக இவருடைய சுகர் இரவு பகல் சேர்த்து சராசரியாக 123 இருந்திருக்க வேண்டும் என்கிறது ரிப்போர்ட்.

ஒரு வாரம் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்க்கிறார். காலை வெறும் வயிற்றில் 88 முதல் 95 வரை. சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து 112 முதல் 125 வரை. சாப்பாட்டுக்குப் பிறகு வரும் உச்சமே 125-ஐ ஒட்டி நிற்கிறது என்றால் முழு நாள் சராசரி 123 ஆக வாய்ப்பு குறைவு. குளுக்கோமீட்டரிலும் 15 சதவீதம் வரை முன்பின் இருக்கலாம் என்பதால் ஒரே ஒரு ரீடிங்கை வைத்து இதை முடிவு செய்யக்கூடாது. ஆனால் ஒரு வாரமும் எல்லா ரீடிங்கும் ஒரே கதையைச் சொன்னால் அதை நம்பலாம்.

இப்போது மற்ற விஷயங்களையும் பாருங்கள். ஆறு மாதத்தில் நான்கு கிலோ ஏறியிருக்கிறது. முடி கொட்டுகிறது. ஆபீஸ் ஏசியில் இவருக்கு மட்டும் குளிர்கிறது. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம். எப்போதும் அசதி. 'சுகர் வந்தா அசதியா இருக்கும்' என்று எல்லாவற்றையும் அந்த ஒரு கணக்கில் எழுதியாகிவிட்டது. ஆனால் இந்தப் பட்டியல் அச்சு அசலாகத் தைராய்டு குறைபாட்டின் பட்டியல்.

டாக்டர் டி4 அளவையும் பார்த்து, தைராய்டு குறைபாட்டை உறுதி செய்து, தைராக்ஸின் மாத்திரை தொடங்குகிறார். சுகருக்கு மாத்திரை எதுவும் இல்லை. ஆறு முதல் எட்டு வாரத்தில் மீண்டும் டிஎஸ்ஹெச் பார்த்து டோஸ் சரிசெய்யப்படுகிறது. டிஎஸ்ஹெச் நார்மலுக்கு வந்து மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி எடுக்கிறார்கள். 5.5. குளுக்கோமீட்டர் ரீடிங்கில் பெரிய மாற்றம் இல்லை. மாறியது சிவப்பணுக்களின் வயது மட்டும்தான்.

அந்த மூன்று மாதக் காத்திருப்பு முக்கியம். சிகிச்சை தொடங்கிய புதிதில் மஜ்ஜை விழித்துக்கொண்டு இளம் அணுக்களை அள்ளி அனுப்பும். அவசரப்பட்டு நான்காவது வாரத்திலேயே ஹெச்பிஏ1சி எடுத்தால், பாதி பழையது பாதி புதியதாக எந்தப் பக்கமும் சேராத ஓர் எண்தான் கிடைக்கும்.

அப்போ எல்லா சுகரும் தைராய்டாலதானா?

இல்லவே இல்லை. தைராய்டு இப்படித் தூக்கிக் காட்டுவது பெரும்பாலும் புள்ளிக்குப் பிறகு வரும் எண் அளவில்தான். 5.9 என்பது 5.5 ஆகலாம். 8.5 ஒருநாளும் 5.5 ஆகாது. ஃபாஸ்டிங் சுகர் 126-க்கு மேல் திரும்பத் திரும்ப வருபவருக்கு, டிஎஸ்ஹெச் எவ்வளவு இருந்தாலும் அது நீரிழிவுதான். 'எனக்கு சுகர் இல்ல, தைராய்டுதான் அப்படிக் காட்டுது' என்று மாத்திரையை நிறுத்த இது சாக்கு ஆகாது. எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்குத்தான் இந்தத் தசமப் புள்ளி ஆளையே மாற்றிவிடுகிறது.

டிஎஸ்ஹெச் 5 அல்லது 6 என்று லேசாக ஏறியிருந்தால் அதன் மேல் பழி போடுவதும் சரியில்லை. அதை முதலில் சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், பல நேரங்களில் தானாகவே இறங்கிவிடும். தைராய்டு குறைபாடு தசைகளில் உண்மையான இன்சுலின் எதிர்ப்பையும் கொண்டுவரும். ஆகவே, தைராய்டு சரியான பிறகும் ஹெச்பிஏ1சி 5.9-லேயே நின்றால் அது நிஜமான 5.9.

பெண்களுக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. தைராய்டு குறைபாட்டால் ரத்தப்போக்கு அதிகமாகி, அதனால் இரும்புச்சத்து குறைந்தால், அந்த இரும்புச்சத்துக் குறைபாடும் ஹெச்பிஏ1சியைத் தூக்கிக் காட்டும். ஒரே ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபினும் குறைவு, டிஎஸ்ஹெச்சும் அதிகம் என்றால், அந்த ஹெச்பிஏ1சியைத் தீர்ப்பாக எடுக்காமல் ஃபாஸ்டிங் சுகரையும், தேவைப்பட்டால் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் டெஸ்ட்டையும் நம்புவதே நியாயம்.

சுகர் நிஜமாகவே ஏறும் கதை

தைராய்டு அதிகமாகச் சுரக்கும்போது நிலைமை வேறு. இங்கே ரீடிங் பொய் சொல்வது மட்டும் பிரச்சினை இல்லை, சுகர் உண்மையிலேயே ஏறுகிறது. சாப்பிட்ட மாவுச்சத்தைக் குடல் வேகமாக உறிஞ்சுகிறது. கல்லீரல் கூடுதலாக குளுக்கோஸைத் தயாரித்து ரத்தத்தில் கொட்டுகிறது. இருக்கும் இன்சுலினும் வழக்கத்தைவிட வேகமாக உடம்பிலிருந்து வெளியேறிவிடுகிறது. சாப்பிட்டதும் சுகர் சட்டென்று உச்சத்துக்குப் போவது இதனால்தான்.

இதற்கும் ஓர் உதாரணம். மூன்று வருடமாக டைப் 2 நீரிழிவு உள்ள 38 வயது ஆண். மாத்திரையில் ஃபாஸ்டிங் 110, 115 என்று கட்டுக்குள் இருந்தது. இரண்டு மாதத்தில் ஆறு கிலோ இளைத்துவிட்டார். 'செம ஃபிட் ஆயிட்டீங்க பாஸ், என்ன டயட்?' என்று ஆபீஸில் கேட்கிறார்கள். டயட்டே இல்லை, வழக்கத்தைவிட அதிகமாகத்தான் சாப்பிடுகிறார். ஆனால் ஃபாஸ்டிங் 155, சாப்பாட்டுக்குப் பிறகு 240. டோஸ் கூட்டப்படுகிறது. க்ளிமிபிரைடும் சேர்கிறது. அப்படியும் இறங்கவில்லை.

ஹெச்பிஏ1சி எடுத்தால் 7.1. சராசரி 157 என்று அர்த்தம். 'ரிப்போர்ட் பரவாயில்லையே, மீட்டர்தான் தப்பா காட்டுது போல' என்று தோன்றும். ஆனால் இங்கே மீட்டர் சொல்வதுதான் உண்மை. சுகர் ஏறியது சமீபத்தில் என்பதால் மூன்று மாத சராசரியில் அது இன்னும் முழுதாக வரவில்லை. போதாதற்கு, சிவப்பணுக்கள் சீக்கிரம் மாறுவதால் ஹெச்பிஏ1சி குறைத்தும் காட்டுகிறது.

எடை குறைவதும் சுகர் ஏறுவதும் கட்டுப்பாடற்ற நீரிழிவிலும் வரும். அதனால்தான் தைராய்டு நினைவுக்கு வருவதில்லை. துப்பு அவர் கையிலேயே கட்டியிருந்தது. ஸ்மார்ட்வாட்ச்சில் ஓய்வு நேர இதயத் துடிப்பு சில மாதம் முன்பு 74, இப்போது 108. தூங்கும்போதும் துடிப்பு இறங்கவில்லை. அதோடு கை நடுக்கம், வியர்வை, அடிக்கடி வயிறு போவது. டிஎஸ்ஹெச் பார்த்தால் 0.01-க்கும் கீழே.

'லோ சுகர்' மாதிரியே இருக்கும், ஆனால் இல்லை

கை நடுக்கம், படபடப்பு, வியர்வை, பசி. இவை சுகர் 70-க்குக் கீழே இறங்கும்போது வரும் அறிகுறிகள். தைராய்டு அதிகமானாலும் இதேதான் வரும். சுகர் 180 இருக்கும்போதே 'லோ ஆயிடுச்சு போல' என்று ஜூஸ் குடிப்பவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால் மீட்டரில் ஒரு சொட்டு ரத்தம் வைத்துப் பார்த்துவிடுவதுதான் ஒரே வழி. பார்க்க வசதியில்லை, நிலைமை மோசம் என்றால் மட்டும் லோ என்றே எடுத்துக்கொண்டு இனிப்பு சாப்பிடலாம், அது குறைந்த ஆபத்து.

சிகிச்சை தொடங்கிய பிறகு ஆபத்து திசை மாறும். கார்பிமசோல் மாத்திரையால் தைராய்டு அடங்க அடங்க, சுகரும் இறங்கும். ஆனால் தைராய்டு உச்சத்தில் இருந்தபோது கூட்டப்பட்ட சுகர் மாத்திரை அப்படியே இருக்கும். மேலே சொன்ன 38 வயதுக்காரருக்குச் சில வாரங்களில் நிஜமான லோ சுகர் வரப்போவது இப்படித்தான். படபடப்பைக் குறைக்க ப்ரொப்ரனலாலும் கொடுத்திருப்பார்கள். அது லோ சுகரின் எச்சரிக்கை மணியான நடுக்கத்தையும் படபடப்பையும் அமுக்கிவிடும். வியர்வை மட்டும் பெரும்பாலும் மறையாது. இந்த நாட்களில் திடீரெனக் குப்பென்று வியர்த்தால் மீட்டரை எடுக்க வேண்டும். தைராய்டு மாத்திரை எழுதும் நாளிலேயே, சுகர் மாத்திரையை எப்போது, எவ்வளவு குறைப்பது என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இன்சுலின் போடுபவர்களுக்குத் தைராய்டு குறைந்தாலும் இதே ஆபத்து. போட்ட இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும், கல்லீரல் குளுக்கோஸ் தருவதும் குறையும். சாப்பாடும் டோஸும் மாறாமலேயே அடிக்கடி லோ ஆகும். டைப் 1 நீரிழிவு உள்ளவர்களுக்குத் தைராய்டு நோயும் சேர்ந்து வருவது சகஜம், இரண்டுமே உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்குவதால் வருபவை. அதனால்தான் டைப் 1 கண்டுபிடிக்கப்பட்டதுமே தைராய்டையும் பார்க்க வேண்டும், பிறகு ஒன்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்கிறது.

இரண்டு குழிகள்

'ஹெச்பிஏ1சி நம்பகமில்லைன்னா ஃப்ரக்டோசமைன் டெஸ்ட் எடுத்துடலாமே?' என்று இணையத்தில் தேடியவர்கள் கேட்பார்கள். ரத்தப் புரதங்களில் ஒட்டிய சர்க்கரையை அது அளக்கும். ஆனால் தைராய்டு அந்தப் புரதங்களின் ஆயுளையும் மாற்றிவிடுகிறது. குறைந்தால் கூட்டிக் காட்டும், அதிகமானால் குறைத்துக் காட்டும். ஹெச்பிஏ1சி சாய்ந்த அதே பக்கம்தான் இதுவும் சாயும். ஆகவே தைராய்டு சரியாகும் வரை, சர்க்கரையை நேரடியாக அளக்கும் டெஸ்ட்டுகளே கைகொடுக்கும். லேப் ஃபாஸ்டிங், வீட்டு மீட்டர், கையில் ஒட்டும் சிஜிஎம் சென்சார் எல்லாம் அதில் சேரும்.

இரண்டாவது குழி, முடி கொட்டுவதற்குச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை, கம்மி வகையறா. பல லேப்களின் டிஎஸ்ஹெச் டெஸ்ட்டை இது குழப்பி, எண்ணைக் குறைத்துக் காட்டிவிடும். தைராய்டு குறைவாக உள்ளவரும் நார்மலாகத் தெரியலாம், நார்மலானவருக்குத் தைராய்டு அதிகம் என்று வரலாம். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும், அதிக டோஸ் என்றால் இன்னும் முன்பே. லேபிலும் டாக்டரிடமும் சொல்லிவிட வேண்டும்.

மாற வேண்டியது என்ன?

லேப் நிறுவனங்கள் தங்கள் ரிப்போர்ட்டில் 'ப்ரீ-டயாபடிஸ்' என்று சிவப்பில் அச்சிடும் முன், அதே ரிப்போர்ட்டில் டிஎஸ்ஹெச்சும் ஹீமோகுளோபினும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து ஒரு வரி சேர்க்கலாம். 'தைராய்டு அளவு மாறியிருப்பதால் ஹெச்பிஏ1சி துல்லியமாக இல்லாமல் போகலாம், ஃபாஸ்டிங் சுகருடன் ஒப்பிடவும்' என்று ஒரே ஒரு வரி. எல்லா எண்களும் ஏற்கெனவே அவர்களிடம் இருப்பதால் இதற்கு புது டெஸ்ட் தேவையில்லை, கூடுதல் செலவும் இல்லை.

அது வரும் வரை, ரிப்போர்ட்டை வாசிப்பவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹெச்பிஏ1சியும் ஃபாஸ்டிங்கும் ஒத்துப்போகாதபோதும், எதையும் மாற்றாமலேயே சுகர் ஏறினாலோ இறங்கினாலோ, சுகர் டோஸை மாற்றும் முன் 'தைராய்டு பார்த்தாச்சா டாக்டர்?' என்று ஒரு கேள்வி கேட்கலாம். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளும் டாக்டர்கள் குறைவு.

அந்த 31 வயதுப் பெண் 5.9-க்கு மட்டும் பயந்து சோற்றைக் குறைத்துக்கொண்டே போயிருந்தால், இழப்பு வெறும் சோறு மட்டும் இல்லை. டிஎஸ்ஹெச் 24 கவனிக்கப்படாமலே இன்னொரு வருடம் ஓடியிருக்கும். அடுத்த செக்கப்பில் அசதி இன்னும் கூடியிருக்கும், எடை இன்னும் ஏறியிருக்கும். இடையில் குழந்தைக்குத் திட்டமிட்டிருந்தால் அது கருவையும் பாதித்திருக்கும். அடுத்த முறை ரிப்போர்ட் வந்தால் இரண்டாம் பக்கத்தோடு மூடிவிடாமல், ஐந்தாம் பக்கம் வரை ஸ்க்ரோல் பண்ணுங்கள்.